முன்பணத்துக்கு முன் ஒரு தேடல்

கோயம்புத்தூர் பக்கம் சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் புது பார்ட்டியோடு வியாபாரம் தொடங்கும் முன் நாலு இடத்தில் விசாரிப்பது பழைய வழக்கம். டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கேட்பார்கள், பேங்க் மேனேஜரிடம் கேட்பார்கள், அதே சரக்கை வாங்கிய இன்னொரு பட்டறைக்காரரிடம் கேட்பார்கள். விற்பவர் உள்ளூர்க்காரராக இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. இன்று விற்பவர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அறிமுகம் ஒரு வணிகத் தளத்தில் நடக்கிறது, பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் முடிந்துவிடுகிறது. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இப்படிப்பட்ட பார்ட்டிகளைப் பற்றி விசாரித்து எழுதித் தருவதுதான் என் வேலை.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தேடலை ஏற்கெனவே முடித்துவிட்டுத்தான் வருவார்கள். கம்பெனி பெயரை அடித்து, பக்கத்தில் fraud என்றோ complaint என்றோ போட்டுப் பார்த்திருப்பார்கள். வந்ததைப் பார்த்து ஒரு முடிவும் எடுத்திருப்பார்கள். ஒன்று, "தப்பா ஒண்ணும் வரலைங்க, நல்ல கம்பெனிதான்." அல்லது, "பக்கம் பக்கமா வருதுங்க, வேண்டவே வேண்டாம்." இந்த இரண்டு முடிவுமே அந்த ஒரு பக்கத்தை வைத்து எடுக்கக் கூடாதவை. எப்படி என்பதை ஒரே ஒரு விசாரணையை வைத்துச் சொல்கிறேன்.

கணபதியில் பம்ப் உதிரி பாகம் செய்யும் ஒருவர், பழைய விஎம்சி மெஷின் ஒன்று வாங்க இருந்தார். விலை 22 லட்சம், முன்பணம் 8 லட்சம். விற்பவர் மகாராஷ்டிரத்தில் இருக்கும் ஒரு மெஷின் வியாபாரி. கடைப் பெயர் ஒரு சாமி பெயரில் தொடங்கி 'மெஷின் டூல்ஸ்' என்று முடியும். மெஷின் ஓடுகிற வீடியோ அனுப்பியிருந்தார்கள், புரோபார்மா இன்வாய்ஸும் வந்துவிட்டது. "தம்பி, கூகுள்ல போட்டுப் பார்த்துட்டேன். மொத ரெண்டு பக்கமும் ஃப்ராடுன்னுதான் வருது. ஆனா ஆளு பேசறதப் பார்த்தா அப்படித் தெரியலை. என்ன பண்றதுன்னு சொல்லுங்க" என்றார்.

நானும் அதையே போட்டேன். அவர் சொன்னது சரிதான், பக்கம் முழுக்க வந்தது. ஆனால் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தபோது நிலவரம் வேறாக இருந்தது.

முதலில் வந்தது ஒரு புகார்த் தளத்தின் பக்கம். தலைப்பில் கம்பெனி பெயரும், பக்கத்திலேயே Complaints, Reviews, Customer Care என்ற வார்த்தைகளும் இருந்தன. உள்ளே போனால் ஒரு புகார்கூட இல்லை. ஆயிரக்கணக்கான கம்பெனிப் பெயர்களுக்கு இந்த மாதிரி வெற்றுப் பக்கங்களைத் தானாகவே உருவாக்கி வைத்திருக்கும் தளங்கள் உண்டு. யாராவது தேடினால் அந்தப் பக்கம் அகப்பட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய பிழைப்பு. அதில் 'புகார்' என்ற வார்த்தை இருப்பது, அந்தக் கம்பெனி மீது புகார் இருப்பதாக ஆகாது.

அடுத்தது, அதே பெயரில் டெல்லிப் பக்கம் இருந்த ஒரு கடையைப் பற்றியது. தெய்வப் பெயரில் கடை வைக்கிற நாட்டில், ஊருக்கு ஊர் அதே பெயரில் இன்னொரு கடை இருக்கும். அதற்கும் நம் ஆளுக்கும் சம்பந்தம் உண்டா என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. முகவரி, போன் நம்பர், ஜிஎஸ்டி எண் ஆகியவற்றில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும். ஒன்றும் ஒத்துப்போகவில்லை. ஒதுக்கி வைத்தேன்.

மூன்றாவது ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 420 என்ற எண்ணும் அந்தப் பெயரும் ஒரே பக்கத்தில் இருந்தன. பயந்துவிடத் தோன்றும். தீர்ப்பின் முதல் இரண்டு பத்திகளைப் படித்தால், அந்தப் பெயருள்ள நிறுவனம் அங்கே ஏமாற்றப்பட்ட தரப்பு. சரக்கு அனுப்பிவிட்டுப் பணம் வராமல் போலீஸுக்குப் போனவர்கள் அவர்கள்தான். தவிர அதுவும் வேறு மாநிலத்து வேறு நிறுவனம். வழக்கின் தலைப்பை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. 'இன்னார் எதிர் அரசு' என்று இருந்தால் அந்த இன்னார் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர், வழக்கை ரத்து செய்யச் சொல்லி வந்தவர். ஆனால் கீழ்க்கோர்ட்டு உத்தரவுக்கு எதிராக வந்த புகார்தாரராகவும் இருக்கலாம். உள்ளே படித்தால்தான் தெரியும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 420 அங்கே 318(4). அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த சம்பவங்களைத் தேடும்போது 420 என்று மட்டும் போட்டால் பாதி தவறிப்போகும்.

இவை போக, வேலை தேடுகிறவர்களுக்கான தளத்தில் ஒரு முன்னாள் ஊழியர் சம்பளத் தகராறைப் பற்றி எழுதியிருந்தார். ஒரு பெரிய கம்பெனியின் அறிவிப்பும் வந்தது: "எங்கள் பெயரைச் சொல்லி வேலைக்குப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்." Fraud என்ற வார்த்தையைச் சேர்த்துத் தேடும்போது இப்படி நல்ல கம்பெனிகளின் எச்சரிக்கைகளும் வந்து விழும். ஊழியர் புகாரை நான் குப்பையில் போடுவதில்லை. மாதக் கணக்கில் சம்பளம் நிற்கிறது என்று பலர் எழுதினால் அந்தக் கடையில் பண நெருக்கடி இருக்கிறது என்று அர்த்தம். இங்கே அது ஒரே ஆளுடைய, பழைய தகராறு.

ஆக இரண்டு பக்கம் வந்ததில் நம் வியாபாரியைப் பற்றியது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. இந்த இடத்தில் நிறுத்தினால், "பயப்படாதீங்க, எல்லாம் வேற ஆளுங்களைப் பத்தினது" என்று சொல்லி அனுப்பிவிடலாம். அப்படி நிறுத்துவதுதான் ஆபத்து. மற்றவர்கள் மீதான புகார்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குக் காரணம் என்ன என்று அடுத்துக் கேட்க வேண்டும்.

புகார் வராமல் இருக்கப் பல காரணங்கள் உண்டு. கடை நேர்மையானது என்பது அவற்றில் ஒன்று மட்டுமே. கடை திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கலாம். ஏமாந்தவர்கள் வேறு வார்த்தையில் எழுதியிருக்கலாம். வேறு மொழியில் எழுதியிருக்கலாம். அல்லது அந்த ஆள் வேறு பெயரில் செய்தவற்றுக்கு வந்த புகார்கள் அந்தப் பெயரிலேயே கிடக்கலாம்.

வார்த்தை விஷயத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இது உடனே பயன்படக்கூடியது. பணத்தைப் பறிகொடுத்தவர் எழுதும்போது எடுத்த எடுப்பில் fraud என்று எழுதுவது குறைவு. நடந்ததைத்தான் எழுதுவார். அட்வான்ஸ் கொடுத்தேன், சரக்கு வரவில்லை, போன் எடுப்பதில்லை, பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று எழுதுவார். நம் ஊர்க்காரர் என்றால் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிப்பார். அதனால் என் தேடல்கள் இப்படித்தான் இருக்கும்:

```
"கடைப் பெயர்" advance "not delivered"
"கடைப் பெயர்" refund "not picking"
"கடைப் பெயர்" emathitanga
"98xxxxxxxx" OR "98xxx xxxxx"
"கடைப் பெயர்" before:2023-01-01
```

இரட்டை மேற்கோள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்கள் வரும். நான்காவது வரிதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. கடைப் பெயரை மாற்றுகிறவர்கள்கூட வாடிக்கையாளர்கள் கையில் இருக்கும் நம்பரைச் சுலபத்தில் மாற்றுவதில்லை. ஆனால் நம்பரை ஒருவர் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் நடுவில் இடைவெளி விடுவார், மற்றவர் முன்னால் +91 போடுவார். மூன்று விதமாகவும் தேட வேண்டும். கடைசி வரி, ஒரு தேதிக்கு முன்னால் வந்த பக்கங்களை மட்டும் காட்டும். "1998 முதல்" என்று விளம்பரம் செய்யும் கடைக்கு, 2023-க்கு முன் இணையத்தில் ஒரு சுவடும் இல்லை என்றால் அதைக் குறித்துக்கொள்வேன். இந்த வியாபாரியின் விளம்பரத்திலும் 1998 என்றுதான் இருந்தது. 2023-க்கு முன் எதுவும் அகப்படவில்லை.

அதன் பிறகு கூகுளை மூடிவிட்டு ஜிஎஸ்டி தளத்துக்குப் போனேன். இந்த விசாரணையில் விஷயம் பிடிபட்டது அங்கேதான்.

புரோபார்மா இன்வாய்ஸில் ஜிஎஸ்டி எண் இருக்கும். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு எண்கள் மாநிலத்தைக் குறிக்கும். 33 என்றால் தமிழ்நாடு, 27 மகாராஷ்டிரம், 24 குஜராத். அடுத்த பத்து இடமும் அப்படியே பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து யார் என்பதைச் சொல்லிவிடும். P என்றால் தனி மனிதர், C என்றால் கம்பெனி, F என்றால் கூட்டு நிறுவனம். அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது இடத்தைப் பார்த்தால் போதும். விளம்பரத்தில் "எங்கள் குழுமம்", "எங்கள் நிறுவனம்" என்று எவ்வளவு பெரிதாகப் பேசினாலும், அந்த இடத்தில் P இருந்தால் அது ஒரு தனி ஆளின் கடை. அவருக்குக் கம்பெனிப் பதிவாளரிடம் கோப்பு இருக்காது, தணிக்கை செய்த கணக்கு பொதுவில் கிடைக்காது. இந்த வியாபாரிக்கும் அங்கே P-தான்.

தளத்தில் அந்த எண்ணைப் போட்டதும் Legal Name of Business, Trade Name என்று இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டாவது நாம் தேடிக்கொண்டிருந்த சாமி பெயர். முதலாவது உரிமையாளரின் சொந்தப் பெயர். பதிவு செய்த தேதி 2023 மார்ச். 1998 என்ற பேச்சுக்கு அங்கே ஆதாரம் இல்லை. ஆனால் இதை உடனே பொய் என்று எழுதிவிடக் கூடாது. அப்பா காலத்துக் கடையை மகன் தன் பெயரில் புதிதாகப் பதிந்திருக்கலாம். ஜிஎஸ்டியே 2017 ஜூலையில்தான் வந்தது. ரிட்டர்ன் தாக்கல் விவரங்கள் ஒழுங்காக இருந்தன, பேங்க் கணக்கும் அதே சட்டப் பெயரில்தான் இருந்தது. அந்த ஆளுக்குச் சாதகமானவற்றையும் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அதே தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடும் வசதியும் உண்டு. பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. ஒரே பான் எண்ணில் எந்தெந்த மாநிலங்களில் ஜிஎஸ்டி பதிவு வாங்கியிருக்கிறார், அவற்றில் எது உயிரோடு இருக்கிறது என்பதை அது பட்டியலிடும். ஜிஎஸ்டி எண்ணிலிருந்து நடுவில் உள்ள பத்து இடத்தை எடுத்துப் போட்டேன். 24-இல் தொடங்கும் இன்னொரு எண் வந்தது. குஜராத் பதிவு, 2019-இல் எடுத்தது, நிலை 'Cancelled suo-moto'. அவராகக் கேட்டு ரத்து செய்ததல்ல, துறையே ரத்து செய்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் விட்டாலே இப்படி ஆகும் என்பதால் இதுவும் தனியாகப் பெரிய குற்றமில்லை. ஆனால் அந்தப் பதிவில் கடைப் பெயர் வேறாக இருந்தது. இன்னொரு சாமி பெயர், முடிவில் 'இன்ஜினியரிங் ஒர்க்ஸ்'.

அந்தப் பழைய பெயரை அடித்து advance என்று சேர்த்துத் தேடியதும் ஐந்து புகார்கள் வந்தன. 2021 ஜூலையிலிருந்து 2022 அக்டோபர் வரைக்கும். வெவ்வேறு மாநிலக்காரர்கள் எழுதியவை. அவற்றில் ஒன்றில் இருந்த மொபைல் நம்பர், நம் கணபதிக்காரரிடம் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்த அதே நம்பர். பான் எண் ஒரு பிணைப்பு, போன் நம்பர் இரண்டாவது பிணைப்பு. இரண்டும் சேர்ந்த பிறகுதான் "இவர்தான் அவர்" என்று நான் எழுதுவேன்.

இனி அந்தப் புகார்களை எடைபோட வேண்டும். ஐந்து என்ற எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கிற ஒரு பேங்கின் மீதோ செல்போன் கம்பெனி மீதோ ஆயிரக்கணக்கில் புகார் இருக்கும், அது மோசடிக் கம்பெனி ஆகிவிடாது. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து மெஷின் விற்கிற ஒரு தனி வியாபாரிக்குப் பதினைந்து மாதத்தில் ஐந்து என்பது கனமானது. புகாரை எப்போதும் அந்தக் கடை செய்யும் வியாபாரத்தின் அளவோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, எதைப் பற்றிய புகார் என்று பார்க்க வேண்டும். தாமதம், மரியாதைக் குறைவு, சர்வீஸ் சரியில்லை என்பவை ஒரு வகை. அவை தொந்தரவு, பணம் போவதில்லை. வாங்கிய பணம் திரும்பவில்லை என்பது இன்னொரு வகை. இந்த ஐந்தில் நான்கு இரண்டாவது வகை. நான்கும் ஒரே கதையைச் சொன்னன. மெஷின் ஓடும் வீடியோ வந்தது, அட்வான்ஸ் போனது, பிறகு லாரி கிடைக்கவில்லை என்றார்கள், பிறகு அந்த மெஷின் விற்றுவிட்டது, வேறு தருகிறோம் என்றார்கள், பிறகு போன் எடுக்கவில்லை.

போட்டிக்காரர்கள் காசு கொடுத்து எழுதவைக்கும் புகார்களும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் வழி எளிமையானது. உண்மையில் பணம் போனவர் தேவையில்லாத விவரமெல்லாம் எழுதுவார். எந்தக் கிழமை பணம் போட்டேன், போனில் பேசியவர் என்ன காரணம் சொன்னார், டிரான்ஸ்போர்ட் பெயர் என்ன, கொடுத்த எல்.ஆர். நம்பரைப் போய்க் கேட்டபோது டிரான்ஸ்போர்ட்டில் என்ன சொன்னார்கள் என்று எழுதுவார். மனசு வெந்து எழுதுகிறவருக்கு எதை விடுவது என்று தெரியாது. எழுதவைத்த புகாரில் "மோசமான கம்பெனி, யாரும் நம்பாதீர்கள், ஏமாற்றுக்காரர்கள்" என்று வசவு இருக்கும், தேதியும் தொகையும் இருக்காது. அதே வாசகம் நாலு தளங்களில் ஒரே நாளில் வந்திருக்கும், கடைசியில் வேறொரு கம்பெனியின் பெயர் சிபாரிசாகவும் வரும். நான் பார்த்த ஐந்தில் ஒன்று இந்த ரகம்தான். அதைக் கழித்துவிட்டேன். மிச்சம் நான்கு.

அந்த நான்கில் ஒன்று, பணம் கொடுத்த ஒரு கம்பெனி எழுதியது. ஈகோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் கோர்ட் வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரைப் போட்டுத் தேடினேன். இதில் ஒரு சங்கடம் உண்டு. உரிமையாளர் பெயர் அந்த ஊரில் நூறு பேருக்கு இருக்கும். அதனால் பெயர் வந்ததும் எடுத்துக்கொள்ளாமல் எதிர்க்கட்சி யார் என்று பார்க்க வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் மூன்று வழக்குகள், அதாவது செக் திரும்பிய வழக்குகள். ஒன்றைப் போட்டவர்கள் புகார் எழுதிய அதே கம்பெனிதான். இணையத்தில் ஒருவர் எழுதியதும், கோர்ட்டில் ஒருவர் சத்தியம் செய்து கொடுத்ததும் ஒன்றோடொன்று பொருந்தியது. மூன்று வழக்குகளில் இரண்டு சமாதானமாகி முடிந்திருந்தன. ஒன்று நிலுவையில் இருந்தது.

இதை வைத்து அந்த வியாபாரியை மோசடிக்காரர் என்று சொல்லலாமா? நான் சொல்லவில்லை. செக் கொடுத்திருக்கிறார், இரண்டு வழக்கில் பணத்தைக் கட்டிச் சமாதானமும் ஆகியிருக்கிறார். இரண்டு புகார்களின் கீழே "பாதிப் பணம் வந்துவிட்டது" என்றும் எழுதியிருந்தார்கள். ஏமாற்றவேண்டும் என்றே கிளம்பியவர் இதைச் செய்வது அரிது. ஒருவர் கொடுத்த அட்வான்ஸை எடுத்து இன்னொரு மெஷினுக்குப் போட்டு, அது விற்காமல், பழைய கடனை அடைக்கப் புது அட்வான்ஸ் வாங்கி, அப்படியே சிக்கிக்கொண்ட வியாபாரியாகவும் இருக்கலாம். பழைய மெஷின் வியாபாரத்தில் இப்படிச் சிக்குகிறவர்கள் உண்டு. ஆனால் எட்டு லட்சம் கொடுக்கப் போகிறவருக்கு இந்த வித்தியாசத்தால் எந்த லாபமும் இல்லை. அவர் கெட்ட எண்ணக்காரராக இருந்தாலும் சரி, நெருக்கடியில் இருப்பவராக இருந்தாலும் சரி, முன்பணம் ஒரே மாதிரிதான் மாட்டிக்கொள்ளும்.

அறிக்கையில் மோசடி என்ற வார்த்தையை நான் எழுதவே மாட்டேன். அது கோர்ட் சொல்ல வேண்டியது. இன்னாருடைய பான் எண்ணில் முன்பு இந்தப் பெயரில் ஒரு பதிவு இருந்தது, இந்தத் தேதியில் துறை ரத்து செய்தது, இந்த மூன்று வழக்குகள், அவற்றின் இன்றைய நிலை இது, நான்கு புகார்களின் சாரம் இது என்று எழுதினேன். முடிவாக, மெஷினைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம், நேரில் போய்க் கரண்ட் போட்டு ஓட்டிப் பாருங்கள், லாரியில் ஏற்றும்போது பணம் தருவதாகச் சொல்லிப் பாருங்கள் என்று எழுதினேன். அவர் அப்படியே கேட்டார். "அட்வான்ஸ் இல்லாம மெஷினை நிறுத்தி வைக்க முடியாது" என்று பதில் வந்தது. "சரி, விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கோவையிலேயே வேறொரு மெஷின் பார்த்துக்கொண்டார்.

இது தனி ஆள் கடை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இதே வேலையைக் கம்பெனிப் பதிவை வைத்துச் செய்யலாம். கம்பெனிக்கான 21 இட அடையாள எண்ணின் கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். கம்பெனி பெயரை மாற்றினாலும் அது மாறாது. பெயரை மாற்றிய கம்பெனி இரண்டு ஆண்டுகள் வரை பழைய பெயரையும் பலகையிலும் கடிதத் தாளிலும் சேர்த்துப் போட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. லெட்டர்ஹெட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்தப் பழைய பெயரைத்தான் முதலில் தேட வேண்டும். இயக்குநர்களின் பெயர்களையும் அவர்கள் முன்பு நடத்திய கம்பெனிகளையும் அதே மாதிரி தேட வேண்டும்.

வேறொரு கேள்வியும் என்னிடம் அடிக்கடி வரும், அதற்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. மாத வட்டி தரும் கம்பெனிகளைப் பற்றியது. "எல்லாம் தேடிப் பார்த்துட்டோம், ஒரு புகார்கூட இல்லைங்க, நாலு வீடியோல நல்லதாவே சொல்றாங்க" என்பார்கள். அந்த வகைக் கம்பெனியில் புகார் தேடுவதே வீண். பக்கத்து ஊரான திருப்பூரில் பாசி நிறுவனம் 2009-இல் விழுந்தது. முதலீட்டாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2022-இல் கோவையில் உள்ள டான்பிட் கோர்ட் அதன் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. இந்த மாதிரி திட்டத்தில் அடுத்தவர் போடும் பணம்தான் முந்தியவருக்கு வட்டியாகப் போகிறது. வட்டி வந்துகொண்டிருக்கும் வரை யாரும் குறை சொல்லமாட்டார்கள், சொந்தக்காரரையும் கூட்டி வருவார்கள். முதல் புகார் வரும்போது கதவு சாத்தியிருக்கும். வீடியோ போடுகிறவரின் கீழே சேருவதற்கான லிங்க் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அவர் கமிஷன்காரர். இங்கே கேட்கவேண்டிய கேள்வி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க இவர்களுக்கு அனுமதி உண்டா என்பதுதான். ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்தில் அதைப் பார்க்கலாம். டெபாசிட் வாங்க அனுமதி உள்ள நிதி நிறுவனமே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. மாதம் 5 சதவீதம் என்று ஒருவர் சொன்னால், கூகுளைத் திறக்கவே தேவையில்லை.

புகார்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஓர் ஆபத்தும் அங்கேயே காத்திருக்கிறது. புகார்களுக்குக் கீழே, "எனக்கும் பணம் போனது, இந்த நம்பரில் பேசினேன், மீட்டுக் கொடுத்தார்கள்" என்று ஒரு குறிப்பு இருக்கும். கஸ்டமர் கேர் என்று போட்டு ஒரு செல் நம்பரும் இருக்கும். ஏமாந்தவர்களையே மறுபடி ஏமாற்றுவதற்கு அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். அந்த நம்பர்களுக்கு ஒருபோதும் போன் செய்யாதீர்கள். ஆன்லைனில் பணம் போனால் 1930-க்குத்தான் கூப்பிட வேண்டும், அதுவும் உடனே கூப்பிட வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டும் முன் நிறுத்தினால்தான் உண்டு.

கணபதிக்காரரின் எட்டு லட்சம் தப்பியதற்கு என் தேடல் மட்டும் காரணமில்லை. முகம் தெரியாத ஒருவர், தன் பணம் போன வேதனையிலும், போன் நம்பரைச் சரியாக எழுதி வைத்திருந்தார். அவர் "ஃப்ராடு கம்பெனி, ஜாக்கிரதை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் என்னால் எதையும் உறுதியாகச் சேர்த்துக் காட்டியிருக்க முடியாது. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பணம் எங்காவது மாட்டிக்கொண்டால், வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். முதலில் போலீஸில் எழுதிக் கொடுங்கள். பொதுவில் எழுதும்போது வசவை விட்டுவிட்டு, பில்லில் உள்ள சட்டப் பெயர், ஜிஎஸ்டி எண், கடையின் போன் நம்பர், பணம் போட்ட தேதி, தொகை, கடைசியாக அவர்கள் சொன்ன பதில், இவற்றை எழுதுங்கள். பிறகு பணம் திரும்பி வந்துவிட்டால், அதையும் அதே இடத்தில் எழுதுங்கள்.